அழித்த ஸ்கூட்டரைத் திரும்ப வைக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்? போட்டோஷாப்பில் லேயர் அடுக்கும் முறை

[திரையில்: பழைய வீட்டின் முகப்பு, முன்னும் பின்னுமாக இரண்டு படங்கள்]

வணக்கம். இந்த வீட்டின் படத்திலிருந்து வாசலில் நின்ற ஸ்கூட்டரையும், தரையில் விழுந்த மின்கம்பத்தின் நிழலையும் அகற்றி, வெளிச்சத்தைக் கூட்டி, வீட்டுக்காரருக்கு அனுப்பிவைத்தேன். பத்து நாள் கழித்து அவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, படம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அந்த ஸ்கூட்டர் அப்பா ஓட்டியது, அதை மட்டும் திரும்ப வைத்துவிடுங்கள்" என்றார். மூலப்படத்தின் மீதே அழித்திருந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். நான் ஒரு லேயரின் கண் குறியை அணைத்தேன். ஸ்கூட்டர் திரும்பி வந்தது, பின்சக்கரத்தில் ஒரு துண்டு இல்லாமல். அந்தத் துண்டு எங்கே போனது என்பதைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

லேயர்கள் 1994-இல் போட்டோஷாப் 3.0-இலும், அட்ஜஸ்ட்மென்ட் லேயர்கள் 1996-இல் 4.0-இலும் வந்தன, வரலாறு இவ்வளவு போதும்.

[திரையில்: லேயர் பட்டியல்]

அடியில் இருப்பது யாரும் தொடாத மூலப்படம். அதன்மேல் 'ஸ்கூட்டர்' என்று ஒரு வெற்று லேயரும், அதற்கும் மேல் 'நிழல்' என்று இன்னொரு வெற்று லேயரும் இருக்கின்றன. வெளிச்சத்தைக் கூட்டும் கர்வ்ஸ் என்ற அட்ஜஸ்ட்மென்ட் லேயர் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது. ஓரிடத்தை நகலெடுத்து இன்னோரிடத்தில் பூசும் தூரிகையான குளோன் ஸ்டாம்ப் கீழே உள்ள தரையைப் பார்த்து எடுக்கும் புள்ளிகள், நாம் தேர்ந்தெடுத்திருக்கும் வெற்று லேயரில் மட்டுமே ஒட்டாக விழுகின்றன.

பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான், எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். மேலே, கருவியின் அமைப்புப் பட்டையில், Sample என்பதற்கு எதிரே All Layers என்று இருந்தால், தூரிகை கர்வ்ஸையும் சேர்த்தே பார்க்கிறது. தரையின் உண்மையான வெளிச்ச அளவு 100 என்றும், கர்வ்ஸ் அதை 130 ஆக்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். தூரிகை அந்த 130-ஐ எடுத்து, கர்வ்ஸுக்குக் கீழே உள்ள லேயரில் வைக்கிறது. உடனே கர்வ்ஸ் அந்த 130-ஐயும் உயர்த்தி, ஏறத்தாழ 155 ஆக்கிவிடுகிறது. உப்புப் போட்ட குழம்பில் ஒரு கரண்டி எடுத்து, உப்பே போடாத சட்டியில் ஊற்றி, பிறகு சட்டி முழுவதற்கும் உப்புப் போடுவதைப் போன்றது இது: அந்தக் கரண்டிக் குழம்பு விழுந்த இடத்தில் மட்டும் இரட்டை உப்பு.

கர்வ்ஸ் பலமாக இருந்தால் வெளிறிய திட்டு உடனே கண்ணில் படும். மெல்லியதாக இருந்தால் படாது. வாடிக்கையாளர் "இன்னும் கொஞ்சம் வெளிச்சம்" என்று கேட்கும் நாளில்தான் திட்டுத் திட்டாகத் தெரியும். ஆகவே Current & Below என்று மாற்றிக்கொள்ளுங்கள். அப்போது தூரிகை தன் லேயரையும் கீழே உள்ளவற்றையும் மட்டுமே பார்க்கும். ஒட்டுகள் சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்க, எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு கர்வ்ஸைத் தற்காலிகமாக வைத்து, அதன் கோட்டைக் கண் கூசும் அளவுக்குச் செங்குத்தாக்குங்கள். மறைந்திருந்த திட்டுகள் அம்மைத் தழும்பு போலத் துலங்கும். பார்த்து முடித்ததும் அதை நீக்கிவிடலாம்.

[திரையில்: சக்கரம் பெரிதாக்கப்படுகிறது]

இப்போது அந்தச் சக்கரத்துக்கு வருவோம். மின்கம்பத்தின் நிழல் ஸ்கூட்டரின் பின்சக்கரத்தின் மீதும் விழுந்திருந்தது. நான் முதலில் ஸ்கூட்டரை அகற்றி, பிறகு நிழலை அகற்றினேன். அப்போது சக்கரம் இருந்த இடத்தில் வெறும் தரைதான் இருந்ததால், 'நிழல்' லேயரில் அந்தத் தரையின் ஒட்டு விழுந்தது. 'ஸ்கூட்டர்' லேயரை அணைத்த பிறகும், மேலே உள்ள அந்த ஒட்டு சக்கரத்தை மூடிக்கொண்டேயிருந்தது. லேயர்களைத் தனித்தனியாகப் பிரித்தால் மட்டும் அவை ஒன்றையொன்று சாராதவை ஆகிவிடுவதில்லை. மேல் லேயர் கீழ் லேயரின் அன்றைய நிலையைப் பதிந்து வைத்துக்கொள்கிறது.

இதைச் சரிசெய்ய ஒட்டை ரப்பரால் அழிக்கக் கூடாது. கறுப்பு பூசிய இடத்தில் லேயரை அழிக்காமல் மறைக்கும் மாஸ்க் ஒன்றை 'நிழல்' லேயருக்குச் சேர்த்து, சக்கரம் உள்ள இடத்தில் கறுப்பு பூசினேன். சக்கரம் முழுதாகத் தெரிந்தது. அதன் மீது விழுந்த நிழலும் கூடவே தெரிந்தது. அந்த நிழலை மட்டும் வெளிறச் செய்ய, மாஸ்க் உள்ள இன்னொரு சிறிய கர்வ்ஸைப் பயன்படுத்தினேன். உண்மையில் தரை நிழலையும் இப்படியே நீக்கியிருந்தால் சக்கரம் மறைந்திருக்கவே மாட்டாது. அது என் அவசரம்.

இந்த முறையால் காப்பாற்ற முடியாத இடம் ஒன்று உண்டு. எல்லாம் முடிந்த பிறகு, அடியில் உள்ள மூலப்படத்தின் நிறத்தையோ கோணத்தையோ மாற்றினால், ஒட்டுகள் பழைய நிறத்திலும் பழைய இடத்திலுமே நின்றுவிடும். எனவே ரா கோப்பில் செய்ய வேண்டிய வெண்மைச் சமன், லென்ஸ் திருத்தம், சாய்வு ஆகியவற்றை முதல் வெற்று லேயரைச் சேர்ப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அதன் பின் தோன்றும் நிற மாற்றம் எதுவானாலும் மேலே ஓர் அட்ஜஸ்ட்மென்ட் லேயராகவே சேரட்டும். வாடிக்கையாளருக்கு ஜேபெக் போகலாம். பிஎஸ்டி கோப்பு உங்களிடமே இருக்க வேண்டும், ஏனெனில் ஜேபெக்கில் லேயர்கள் தங்குவதில்லை.