முன்பின் அறியாத பையருக்கு முதல் மின்னஞ்சல்

நேயர்களுக்கு வணக்கம். திருப்பூரிலுள்ள சிறிய பின்னலாடை நிறுவனங்களுக்காக, அவர்களிடம் சரக்கு வாங்கக்கூடிய வெளிநாட்டு பையர்களுக்குக் கடிதம் எழுதித் தருவது என் தொழிலில் ஒரு பகுதி. அறிமுகமே இல்லாத ஒரு பையருக்கு, அவர் கேட்காமலே நாம் அனுப்பும் முதல் மின்னஞ்சலைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன். அந்தக் கடிதத்தில் ஒரே ஒரு வேண்டுகோள்தான் இருக்க வேண்டும் என்பதை நான் பல முறை சொல்லக்கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுமார் நாற்பது மெஷின்கள் வைத்திருக்கும் ஒரு முதலாளி, தாம் ஆண்டுக்கணக்காக அனுப்பிவரும் கடிதத்தை என்னிடம் காட்டினார். எங்கள் ஊரில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கடிதம் மனப்பாடமாகவே இருக்கும். அனைத்து வகைப் பின்னலாடைகளையும் தயாரிக்கும் முன்னணி ஏற்றுமதி நிறுவனம் என்று அது தொடங்கும். பிறகு டி-ஷர்ட், போலோ, பைஜாமா, உள்ளாடை, ஆடவர், மகளிர், குழந்தைகள் என்று பட்டியல் நீளும். கனமான கேட்டலாக் ஒன்று இணைக்கப்பட்டிருக்கும். இறுதியில், தங்கள் மேலான விசாரணையை எதிர்நோக்குகிறோம் என்று முடியும். இதைப் படிக்கும் பையர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நான் கேட்டேன். ஆர்டர் கொடுக்க வேண்டும் என்றார் அவர். துணியைத் தொட்டுப் பார்க்காமல், அளவு தெரியாமல், விலை தெரியாமல் எப்படிக் கொடுப்பார் என்று கேட்டபோது அவரே சிரித்துவிட்டார். சரி, உங்கள் தையல் லைனில் எது குறையில்லாமல் வெளிவரும் என்று கேட்டேன். கைக்குழந்தைகளுக்கு மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த ரோம்பர் என்று தயங்காமல் சொன்னார். அந்தப் பட்டியலில் ரோம்பர் எங்கோ ஒன்பதாவது, பத்தாவது இடத்தில் ஒளிந்துகொண்டிருந்தது.

அவரிடம் இன்னொன்றும் இருந்தது; அதன் மதிப்பை அவர் அறிந்திருக்கவில்லை. சிறிய லாட்டுகளுக்குச் சாயமிட்டுத் தரும் ஒரு சாயப்பட்டறை அவருக்குப் பழக்கம். ஒரு கலருக்கு 50 கிலோ துணி கொடுத்தால் போதும். 50 கிலோவில் என்ன வரும் என்று அங்கேயே கணக்குப் போட்டோம். சாயமிடும்போது ஏற்படும் இழப்பு பத்து சதவீதம் போனால் 45 கிலோ மிஞ்சும். 200 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள, இன்டர்லாக் பின்னல் துணியில் அவருடைய ரோம்பருக்கு, கட்டிங் கழிவையும் சேர்த்து, டஜனுக்கு ஏறத்தாழ 1.7 கிலோ செலவாகிறது. ஆக 26 டஜன், அதாவது முந்நூற்றுச் சொச்சம் பீஸ்கள். ஒரு கலருக்கு 300 பீஸ் என்ற ஆர்டரை நஷ்டமில்லாமல் எடுக்க முடியும் என்பது இதனால் உறுதியாயிற்று. ஆயிரம் பீஸ்களுக்குக் குறைந்தால் ஆர்டர் எடுக்க மறுக்கும் நிறுவனங்களிடம் அலைந்து சலித்த சிறிய பிராண்டுக்கு அந்த எண் ஒன்றே போதிய அறிமுகம். தரம், நம்பிக்கை, நியாய விலை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எல்லோரும் எழுதுவதால் பையர் அதைப் படிப்பதில்லை.

யாருக்கு அனுப்புவது? இங்கிலாந்தில் கைக்குழந்தை உடைகளை மட்டும் விற்கும் சிறிய பிராண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். அதன் இணையக் கடையில் ரோம்பர்கள் ஆறு கலர்களில் இருந்தன. அவற்றில் இரண்டு தீர்ந்துவிட்டதாகப் போட்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு எழுதிய கடிதத்தை, ஆங்கிலத்தில் இருந்ததன் சாரமாகத் தமிழில் வாசிக்கிறேன். தலைப்பு வரி: 'ஆர்கானிக் ரோம்பர், கலருக்கு 300 பீஸ்'. கொள்முதல் மேலாளரைப் பெயரிட்டு அழைத்த பின் கடிதம் இப்படிச் செல்கிறது.

'உங்கள் ரோம்பர்களில் இரண்டு கலர்கள் தீர்ந்துபோயிருப்பதை உங்கள் கடையில் கண்டேன். நாங்கள் இந்தியாவின் திருப்பூரில் ஆர்கானிக் பருத்தி இன்டர்லாக்கில் கைக்குழந்தை ரோம்பர்கள் தைக்கிறோம். ஒரு கலருக்கு 300 பீஸ் முதல் எடுத்துக்கொள்கிறோம். மாதிரிக்கு ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்து 45 நாட்களில் சரக்கை அனுப்புகிறோம். எங்கள் காட்ஸ் சான்றிதழ் எண் கீழே உள்ளது. ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைக்கான ரோம்பர் ஒன்றை எங்கள் செலவில் உங்களுக்கு அனுப்பலாமா? சரி என்றால் முகவரியை மட்டும் பதிலாக எழுதுங்கள்.'

கையெழுத்தின் கீழே பெயர், நிறுவனம், முகவரி, தொலைபேசி எண், சான்றிதழ் எண். கடிதம் அவ்வளவுதான். அந்த முதலாளிக்கு இது மிகவும் சிறியதாகத் தோன்றியது. கேட்டலாக்கையும் இணைப்போம், வீடியோ அழைப்புக்கும் நேரம் கேட்போம், எந்த விலைக்கு வாங்குகிறார்கள் என்றும் விசாரிப்போம் என்றார். நான் மறுத்தேன். வீடியோ அழைப்பு என்றால் பையர் நாட்காட்டியைத் திறக்க வேண்டும். விலை என்றால் மேலதிகாரியைக் கேட்க வேண்டும். மூன்றையும் கேட்டால், பிறகு பார்க்கலாம் என்று மூடி வைப்பார். மாதிரி அனுப்பலாமா என்ற கேள்விக்கு மட்டும், ரயிலில் நின்றுகொண்டே கைபேசியில் பதில் எழுதிவிட முடியும். அதே சமயம் அந்த ஒரு வேண்டுகோள் நமக்கும் பயன்பட வேண்டும். துணியின் தொடுவுணர்வு, கழுத்து ரிப்பின் இழுவை, பிரஸ் பட்டனின் பிடிமானம் ஆகியவற்றை எந்தக் கடிதமும் காட்டாது. அந்த ஒரு பீஸ் காட்டிவிடும். அதற்குக் கூரியர் செலவு சில ஆயிரம் ரூபாய் ஆகும் என்பதால், கண்ட முகவரிக்கெல்லாம் அனுப்பும் ஆசையும் தானாகவே அடங்கிவிடும். விலையை முதல் கடிதத்திலேயே எழுத வேண்டும் என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. நூல் விலை மாதத்துக்கு மாதம் மாறும் ஊரில் அது நம் கையை நாமே கட்டிக்கொள்வதாகும் என்பது என் கருத்து.

சான்றிதழைப் பற்றி ஓர் எச்சரிக்கை. காட்ஸ் என்பது ஆர்கானிக் ஜவுளிக்கான உலகளாவிய தரச் சான்று. காட்ஸ் சான்றிதழ் பெற்றவர்களின் பட்டியலை எவரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். பையர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். துணி கொடுத்த மில்லுக்குச் சான்றிதழ் இருப்பதால் மட்டும் நாம் தைத்த உடை காட்ஸ் உடையாகிவிடாது. நூற்பு முதல் சாயம், தையல் வரை ஒவ்வொரு கட்டமும், வெளியே கொடுக்கும் ஜாப் ஒர்க் உட்பட, சான்றிதழின் வரம்புக்குள் வர வேண்டும். அப்படி வராவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். பட்டியலில் நம் பெயரைத் தேடிக் காணாத பையர் அதன் பிறகு எதையும் நம்ப மாட்டார்.

நேரம் நெருங்குவதாக அரங்கிலிருந்து சைகை காட்டுகிறார்கள். அனுப்பும் முறையைச் சுருக்கமாகவே சொல்ல முடியும். நிறுவனத்தின் சொந்த டொமைனிலிருந்து அனுப்புங்கள், மின்னஞ்சல் உண்மையில் நம் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். என்ற இரண்டு பதிவுகளும் அதில் இருக்கின்றனவா என்று கணினிக்காரரிடம் கேளுங்கள். முதலில் உங்கள் ஜிமெயிலுக்கே அனுப்பிப் பாருங்கள். ஸ்பேம் பெட்டியில் விழுந்தால் குறை கடிதத்தில் அல்ல, டொமைனில் இருக்கலாம். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாக இரண்டே வரிகளில் ஒரு முறை நினைவூட்டுங்கள், அத்துடன் விட்டுவிடுங்கள். சட்டமும் நாட்டுக்கு நாடு மாறுகிறது: இங்கிலாந்தில் பதிவுபெற்ற கம்பெனிக்கு, நாம் யார் என்பதை மறைக்காமல், முன் அனுமதியின்றி வணிக மின்னஞ்சல் அனுப்பலாம், தனிநபர் நடத்தும் கடைக்கு அப்படி அனுப்பக் கூடாது, ஜெர்மனியிலோ கம்பெனிக்கு அனுப்புவதற்கும் முன் சம்மதம் வேண்டும். ஆகவே ஜெர்மன் பையரை மின்னஞ்சலில் தேடாமல், கண்காட்சி அரங்கில் நேரில் சந்தித்து, எழுதலாமா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். வணக்கம்.