பன்னிரண்டரை மணி வரைக்கும்

நடுவர் கேட்டது: "வர வேண்டியவர் வரலை, போனும் எடுக்கலை. விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் மனசு ஆறுமா, இல்லை இன்னும் கிளறிவிடுமா?"

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, வணக்கம். கிளறித்தான் விடும் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணியில் கல்லூரித் தம்பி ஏழு நிமிடம் பேசினார். செல்போன் குடும்பத்தைச் சேர்க்கிறதா, பிரிக்கிறதா என்ற தலைப்புக்கு அது அருமையான பேச்சு. அந்தத் தலைப்பு வரும்போது தம்பியைக் கட்டாயம் கூப்பிடுங்கள். தமிழாசிரியர் ஐயா, "குரலைக் கேட்டதும் நெஞ்சில் பால் வார்த்தது போல இருக்கிறது" என்றார். அதில் பாதி உண்மை. பால் வார்க்கத்தான் செய்கிறது. அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை ஐயா சொல்லவில்லை. நான் அளந்து பார்த்தவள், சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. இரண்டாம் ஷிப்ட் இரவு 11 மணிக்கு முடியும். பைக்கில் செங்கல்பட்டு வீட்டுக்கு வர முக்கால் மணி நேரம். 11:50-க்கு வண்டிச் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் 11:55-க்கு முதல் அழைப்பு. எடுத்து, "கிளம்பிட்டேன்மா" என்பார். நிம்மதி. பத்தே நிமிடத்தில் அடுத்த கேள்வி முளைக்கும்: கிளம்பினவர் இப்போது எங்கே? மறுபடி போன். முதல் அழைப்பில் பத்து நிமிடம் கிடைத்த நிம்மதி மூன்றாவதில் ஐந்து நிமிடமாகிவிடும். குரலைக் கேட்டால்தான் ஆள் பத்திரம் என்று மனசைப் பழக்கிவிட்டேன். அப்படிப் பழகின மனசுக்கு, எடுக்காத போன் என்றாலே விபத்து என்று அர்த்தமாகிவிட்டது.

இதற்கு மருந்து என்று வாட்ஸ்அப்பில் அவருடைய லைவ் லொகேஷனை வாங்கி வைத்துக்கொண்டேன். எட்டு மணி நேரம் பகிரலாம், ஷிப்ட் முழுக்க பார்க்கலாம். ஒரு நாள் அந்தப் புள்ளி ஏரிக்கரை வளைவில் நின்றுவிட்டது. அரை மணி நேரம் அசையவே இல்லை. நான் வயிற்றில் நெருப்போடு உட்கார்ந்திருக்கிறேன், அவர் வாசல் கதவைத் தட்டுகிறார். போனில் டேட்டா தீர்ந்துபோயிருக்கிறது. அவ்வளவுதான்.

இன்னொரு நாள் நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருக்க, 'வீட்டில் என்னவோ' என்று ஓடுகிற வண்டியிலேயே ஒரு கையை விட்டு எடுக்கப் பார்த்திருக்கிறார். வண்டி மணலில் சறுக்கி முழங்கை தோல் உரிந்துபோனது. அது என்னுடைய பதினேழாவது அழைப்பு. அவர் விழக்கூடாது என்றுதான் கூப்பிட்டேன், நடுவர் அவர்களே!

அப்போதுதான் என் நாத்தனார் தலையிட்டார். மனநலப் பிரிவில் இருபது வருடம் செவிலியராக இருப்பவர். "பயப்படாதே" என்று அவர் சொல்லவே இல்லை. ஒரு தாளைக் கொடுத்து, "அண்ணன் லேட்டாக என்னென்ன காரணம்? எழுது. விபத்தையும் எழுது, ஆனால் கடைசியில்" என்றார். அடுத்த ஷிப்ட் ஆள் வரவில்லை, ஓவர்டைம், பெட்ரோல் பங்க் வரிசை, பஞ்சர், டீக்கடைப் பேச்சு, மழைக்கு ஒதுங்கியது, கடைசியில் விபத்து. "இப்போ உன் கையில் நூறு ரூபாய் இருக்கு. போன வருஷம் லேட்டான ராத்திரிகளை நினைச்சுப் பார்த்து, மேலேயிருந்து ஒவ்வொரு காரணத்துக்கும் பங்கு போடு." போட்டேன். விபத்துக்கு வரும்போது கையில் இரண்டு ரூபாய்தான் மிச்சம். அதை அவர் அழிக்கச் சொல்லவில்லை. ஆனால் அதுவரை ராத்திரிதோறும் நான் நூறையும் அங்கேதான் கட்டிக்கொண்டிருந்தேன்.

"அந்த இரண்டு ரூபாய் நடந்துவிட்டால்?" என்று எதிரணி ஆட்டோ அண்ணன் கேட்டார். தன் தம்பி விழுந்து கிடந்தபோது வழிப்போக்கர் ஒருவர் போனை எடுத்துச் சொன்னதால்தான் உயிர் பிழைத்தார் என்று கண் கலங்கினார். அண்ணே, அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் இரண்டாவது அழைப்பிலேயே எடுத்தார்கள் என்று நீங்களே சொன்னீர்கள். நான் குறை சொல்வது மூன்றிலிருந்து இருபத்துமூன்று வரை உள்ள அழைப்புகளைத்தான்.

அதற்கும் நாத்தனார் ஒரு வழி வைத்தார். பதறாத ஒரு பகல் வேளையில், என் வீட்டுக்காரரையும் உட்கார வைத்து மூன்று பேருமாகப் பேசி எழுதினோம். 12:30 வரை அழைப்பே கிடையாது. 12:30-க்கு ஒன்று. எடுக்காவிட்டால் 12:45-க்கு அவருடன் வேலை செய்பவருக்கு, அவர் எடுக்காவிட்டால் கம்பெனி செக்யூரிட்டிக்கு. ஒரு மணிக்கு என் தம்பி வண்டி எடுத்துக்கொண்டு அதே சாலையில் போவான், நான் 112-க்குச் சொல்வேன். நேரத்தைப் பதறும்போது முடிவு செய்தால் அது சுருங்கிக்கொண்டே வரும். அதனால்தான் பகலில் எழுதினோம்.

12:30 வரை என்ன செய்வது? அங்கேதான் அந்தப் படம் வரும். ரோட்டோரம் கிடக்கிற ஹெல்மெட், பக்கத்தில் அடிக்கிற போன். நினைக்காதே என்று நெட்டித் தள்ளினால் இன்னும் பெரிதாக வரும். நாத்தனார் சொன்னது: "அது கண்ணுக்குள்ள வர்ற படம். கண்ணுக்கு வேற வேலை கொடு." டிவி போட்டேன், பயனில்லை. அது பாட்டுக்கு ஓடியது, என் படமும் கூடவே ஓடியது. கடைசியில் ஒரு நோட்டில் புள்ளி வைத்துச் சிக்குக்கோலம் போட ஆரம்பித்தேன். பதினைந்து புள்ளிக் கோலத்தில் இழை எங்கே வளையும் என்று கண்ணும் கையும் தேடும்போது ஹெல்மெட்டுக்கு இடம் குறைந்துவிடுகிறது. படம் வராமல் இல்லை. வந்தால் 'வந்துட்டியா, உட்கார்' என்று விட்டுவிட்டு அடுத்த புள்ளிக்குப் போகிறேன். முதல் வாரம் நரகம். நெஞ்சு படபடக்கும், கை போனைத் தேடும். ஆனால் அந்தப் படபடப்பு ஒரு உச்சத்துக்குப் போய், நான் போனைத் தொடாமலேயே தானாக இறங்குவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதுவரை அதை இறங்க விட்டதே இல்லை.

மார்கழியில் ஒரு ராத்திரி 12:30-க்கு அவர் எடுக்கவில்லை. 12:45-க்குக் கூப்பிட்டேன், உடன் வேலை செய்பவரும் எடுக்கவில்லை. செக்யூரிட்டி சொன்னார்: அந்த நண்பர்தான் வண்டியிலிருந்து விழுந்திருக்கிறார், இவர் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார், போனில் சார்ஜ் இல்லை. மூன்றே அழைப்பில் செய்தி கிடைத்தது. பழைய கணக்கில் நான் அணைந்துபோன ஒரு போனை ஒரு மணி நேரம் அடித்துக்கொண்டிருப்பேன்.

இது எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஒருமுறை உண்மையிலேயே பறிகொடுத்தவருக்குக் கோலமும் பட்டியலும் போதாது. தூக்கம் போய், வேலை போய்த் தவிப்பவர் 14416-க்கு, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸுக்குக் கூப்பிடட்டும். அதில் தமிழிலேயே பேசலாம்.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். என் மாமியார் இன்னும் வாசல்படியில்தான் உட்காருகிறார். கோல நோட்டை நீட்டினால், "எனக்குக் கண்ணு தெரியலடி" என்கிறார். அதற்கு நாத்தனாரிடமும் பதில் இல்லை. இன்றைக்கு என் வீட்டுக்காரருக்கு இரண்டாம் ஷிப்ட். இப்போது மணி ஒன்பதே கால். என் போன் அதோ எதிரணி மேசையில், தமிழாசிரியர் ஐயாவின் பொறுப்பில் இருக்கிறது. அடித்தால் எடுங்கள் ஐயா, தயவுசெய்து நீங்களாக அடித்துவிடாதீர்கள், அவர் மெஷினில் நிற்கிறார். நன்றி, வணக்கம்.