பெட்டியைத் தொடுமுன்

நேயர்களுக்கு வணக்கம். நான் முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைத் தொழிற்சாலையில் மூட்டை ஏற்றி இறக்கியவன். பாரம் தூக்குவதைப் பற்றிப் பேசுங்கள் என்று அழைத்தார்கள். தூக்குவது எளிது, அடுத்தவருடைய பாரத்தைத் தூக்குவதுதான் கஷ்டம். அதனால் இன்றைக்கு அதைப் பற்றி மட்டும் பேசலாம் என்றிருக்கிறேன். அதிலும் எங்கள் ஊர் ரயில் நிலையத்தின் மேம்பாலப் படிகள்தான் என் இடம்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு வயது இருபத்தைந்து இருக்கும். மழைநாள். வயதான ஒருவர் இடது கையில் ஒரு பையும் வலது கையில் குடையுமாகப் படியேறிக்கொண்டிருந்தார். குடையை விரிக்கவில்லை, ஊன்றிக்கொண்டு ஏறினார். நான் பின்னாலிருந்து வேகமாக வந்து, "கொடுங்க ஐயா" என்று சொல்லிக்கொண்டே பையைப் பிடித்து இழுத்தேன். சொன்னதும் இழுத்ததும் ஒரே நேரத்தில். அவர் பையை விடவில்லை, அப்படியே திரும்பிச் சுழன்று படியில் உட்கார்ந்துவிட்டார். முழங்காலில் நல்ல அடி. "கள்ளன், கள்ளன்" என்று கத்தினார். ஆட்கள் ஓடி வந்தார்கள். அன்றைக்கு நான் அடி வாங்காமல் தப்பியது தொழிற்சாலை ஆட்கள் இரண்டு பேர் அங்கே இருந்ததால்தான்.

அவர் விழுந்ததற்குக் காரணம் பிறகுதான் புரிந்தது. ஒரு பக்கம் பை, மறுபக்கம் ஊன்றிய குடை. இரண்டையும் வைத்துத்தான் அவர் உடம்பை நேராக வைத்திருந்தார். பாரம் தூக்கிப் படியேறுகிற எவரும் தராசு மாதிரித்தான். ஒரு தட்டைச் சொல்லாமல் எடுத்தால் மற்றது சாய்ந்துவிடும். சமதரையில் என்றால் ஓர் அடி தள்ளாடிச் சமாளிக்கலாம். படியில் அந்த ஓர் அடிக்கு இடம் கிடையாது.

சரி, அப்புறம் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று சொல்கிறேன். சில வருடம் கழித்து, தீபாவளிக்கு முந்தைய வாரம். கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் இரவு தபால் ரயிலில் வந்து, விடிவதற்கு முன்பே இறங்கினேன். பனிமூட்டம், படியெல்லாம் ஈரம். ஓர் அக்கா மஞ்சள் டேப் சுற்றிய பெரிய பெட்டியோடும், வாய் கட்டிய ஒரு சாக்கோடும் பாலத்தின் அடியில் நின்றிருந்தார். பெட்டியை இரண்டு படி ஏற்றி வைப்பார், இறங்கி வந்து சாக்கை எடுப்பார். அதற்குள் பெட்டி சரியும்.

இந்த முறை நான் பக்கவாட்டில் போய், அவர் முகத்தைப் பார்க்கும்படி நின்றேன். ஒரு கை தூரம் விட்டு, அவர் நின்ற படிக்கு ஒரு படி கீழே. மேலே நின்று குனிந்து கேட்டால் வழியை மறிப்பது போலிருக்கும். என் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கையும் தெரியத் தொங்கவிட்டேன். "வணக்கம் அக்கா. நானும் இந்தப் பாலந்தான் ஏறுறேன். பெட்டியில ஒரு பக்கம் பிடிக்கட்டுமா?" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், பின்னால் வந்தவர்களைப் பார்த்தார், தலையை லேசாக ஆட்டினார். நம் ஊரில் அந்தத் தலையாட்டலுக்கு ஆம் என்றும் அர்த்தம் இருக்கிறது, பரவாயில்லை விடுங்கள் என்றும் இருக்கிறது. நான் பெட்டியைத் தொடவில்லை. மூன்று நான்கு மூச்சு நேரம் நின்றேன். கை பரபரத்தது, பொய் சொல்லக் கூடாது. பிறகு அவரே சொன்னார்: "பெட்டி வேணாம் தம்பி. இந்தச் சாக்கைக் கொண்டு வாறீங்களா?"

பாருங்கள், பாரமானது பெட்டிதான் என்று நான் நினைத்திருந்தேன். அவருடைய சம்பளக் காசும் அடையாள அட்டையும் அந்தப் பெட்டியில்தான். அதைக் கொடுக்க மாட்டார், கொடுக்கவும் கூடாது. சாக்கில் இருந்தது அரிசியும் சட்டியும். உதவி எங்கே வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது, காத்திருந்ததால்தான்.

அடுத்த சிக்கல், யார் முன்னால் போவது. நான் பின்னால் வந்தால், முன்பின் தெரியாத ஆண் இருட்டில் முதுகுக்குப் பின்னால் வருகிறான் என்று அவர் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். வேகமாக முன்னால் போனால் சாக்கு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அதனால், "நான் ரெண்டு படி முன்னால போறேன், நீங்க சாக்கைப் பார்த்துக்கிட்டே வாங்க" என்றேன். அவர் பெட்டியை இழுக்கும் கம்பியைப் பிடித்துத் தூக்கப் போனார். அது தரையில் உருட்டுவதற்கு உள்ள கம்பி. பாரத்தோடு தூக்கினால் பூட்டு விட்டுக் கழன்றுவிடும். கம்பியை உள்ளே தள்ளி, பக்கத்துக் கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னேன். சாக்கை ஒரு தோளில் போட்டு மறுகையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். நடுவில் இருந்த அகலமான மேடையில் அவர் நின்றபோது நானும் நின்றேன். மேலே போனதும் சாக்கைச் சுவரோரமாக வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.

இறங்கும்போதுதான் அவரே, "இப்ப பெட்டியில ஒரு பக்கம் பிடிங்க தம்பி" என்றார். இரண்டு பேர் ஒரு பெட்டியைப் படியில் பிடித்தால் கீழே இருப்பவர் பக்கம்தான் பாரம் அதிகம் சாயும். அதனால் உதவ வந்தவர்தான் கீழ்ப்பக்கம். பின்னால் நடந்து இறங்கக் கூடாது. பக்கவாட்டாக, ஒரு கை சுவரில், ஒவ்வொரு படியாக. "ம்" என்று அவர் சொன்னால்தான் அடுத்த படி. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சாக்கை எடுக்க மறுபடி மேலே போக வேண்டியிருந்தது. அவர் பெட்டியை விட்டு வர மாட்டேன் என்றார், பிறகு நான் மட்டும் போனேன். அதுவும் சரிதான்.

சிங்களக்காரர் என்று தெரிந்தால் "அக்கே, மம உதவ் கரன்னத?" என்று கேட்கிறேன். "ஹா" என்றால் ஆம். "எபா" என்றால் வேண்டாம். எந்த மொழி என்று தெரியாவிட்டால் சிரித்து, பெட்டியைக் காட்டி, கையை ஏந்தி நின்றால் போதும், புரிந்துகொள்கிறார்கள்.

"வேண்டாம்" என்றால் என்ன செய்வது என்று என் மருமகள் கேட்டாள். நம்மவர்கள் முதலில் "வேண்டாம்" என்று மரியாதைக்குச் சொல்வதுண்டே, இன்னொரு தடவை கேட்கலாமே என்றாள். வீட்டில் சோறு போடும்போது அப்படிக் கேட்கலாம். படியில் நான் கேட்பதில்லை. "சரிங்க, பார்த்துப் போங்க" என்று சொல்லிவிட்டு என் வழியில் போய்விடுகிறேன். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தால், அந்த மனிதர் எனக்காக அவசரப்பட்டு ஏறுவார், ஈரப் படியில் வழுக்குவார். மேலே போனபின் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பேன். போன மாதம் அப்படித் திரும்பிப் பார்த்தபோது, வேண்டாம் என்று சொன்ன ஒரு பெரியம்மா நடு மேடையில் பையை வைத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கையசைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.