சூடாகக் கட்டினால் கெடும்

நேயர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறை வந்தால் சேலம் ஜங்ஷனில் கட்டைப்பை இல்லாத குடும்பத்தைப் பார்ப்பது அரிது. பையில் துணி இருக்கிறதோ இல்லையோ, சாப்பாடு இருக்கும். நான் பல வருடம் மனையியல் பாடம் நடத்தியவள். அப்படிப்பட்ட நானே என் மகனுக்குக் கட்டிக்கொடுத்த சாப்பாட்டில் ஒரு தவறு செய்தேன். அதிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறேன்.

அவன் கேரளா எக்ஸ்பிரஸில் டெல்லிக்குக் கிளம்பினான். இங்கே இரவில் ஏறினால் இரண்டு இரவும் ஒரு முழுப் பகலும் ரயிலிலேயே கழியும். முந்திரி போட்டு நெய் சாதம் செய்து, ஆவி பறக்கப் பறக்கப் பெரிய எவர்சில்வர் சம்படத்தில் அடைத்து இறுக்கி மூடினேன். சூடாக இருந்தால் கெடாது என்று நினைப்பு. மறுநாள் மதியம் சாப்பிட்டான். இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி. போனில் அவன் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "அம்மா, கெட்டுப்போன வாடையே இல்லையே. மூடியைத் திறந்தப்போ உள்பக்கம் தண்ணி கோத்து இருந்துச்சு, அவ்வளவுதான்."

அந்தத் தண்ணீர்தான் விஷயமே. அரிசியோடு மண்ணிலிருந்தே ஒரு பாக்டீரியா வருகிறது. பேசில்லஸ் சீரியஸ் என்று பெயர். அது விதை மாதிரி ஓடு கட்டிக்கொண்டு உறங்கும். சாதம் கொதிக்கும்போதுகூட அந்த விதை சாவதில்லை. வெந்த சாதத்தில் ஈரமும் இருந்து, சூடு வெதுவெதுப்புக்கு இறங்கியதும் முளைத்துப் பெருகும். பெருகும்போது ஒரு நஞ்சையும் விட்டுவைக்கும். அந்த நஞ்சுக்கு வாடை கிடையாது, மறுபடி சூடாக்கினாலும் போகாது. சாப்பிட்ட ஒரு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் பெரும்பாலும் இந்த வகை நஞ்சுதான்.

மூடிய சம்படத்தின் நடுவில் இருக்கும் சாதம் ஆறுவதற்குப் பல மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்க அது வெதுவெதுப்பிலேயே கிடக்கிறது. ஆவி மூடியில் பட்டு நீராகி, திரும்பச் சாதத்திலேயே சொட்டுகிறது. ரயில் ஏறும் முன்பே, நம் வீட்டு அடுப்படியிலேயே சாப்பாடு கெடத் தொடங்கிவிடுகிறது.

ஏற்காட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் இன்னும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மேலே குளிராக இருக்கிறதே என்று கட்டிவிடுவார்கள். பேருந்து இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கிச் சேலம் வந்து சேரும்போது, பை வேறு ஒரு வெயிலுக்கு வந்துவிடும்.

சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சூட்டில் வைக்காதீர்கள், சூடாக வைப்பதென்றால் 60 டிகிரிக்கு மேல் வையுங்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சாதாரண ஹாட்பாக்ஸ் அந்தச் சூட்டை இரவு முழுக்கத் தாங்காது. அப்படியானால் பயணத்துக்கு என்னதான் எடுத்துப்போவது? நம் பாட்டிமார் புளியோதரையைப் பிடித்துக்கொண்டது சும்மா இல்லை. நல்ல புளிப்பில் இந்தப் பாக்டீரியா பெருக முடியாது. ஆனால் அந்தப் புளிப்பு ஒவ்வொரு பருக்கையிலும் இருக்க வேண்டும். இங்கேதான் கைப்பக்குவம்.

அரை கிலோ அரிசிக்குக் கணக்குச் சொல்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் கிடைக்கிற பழைய புளியாக 75 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றாடச் சாப்பாட்டுக்குப் போடுவதைவிடக் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கட்டும். புளிக்காய்ச்சலை முந்தின நாளே செய்துவிடுவது நல்லது. நல்லெண்ணெயில் கடுகு, மிளகாய், பெருங்காயம் தாளித்து, கரைத்த புளியும் உப்பும் மஞ்சளும் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். எண்ணெய் தனியே பிரிந்து ஓரத்தில் நிற்கும் வரை இறக்க வேண்டாம். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் உடனே மூடிக்கொள்ளக் கூடாது. அப்படி நின்றால் தண்ணீர் சுண்டிவிட்டது என்று அர்த்தம். வேர்க்கடலையையும் கடலைப்பருப்பையும் மொறுமொறுப்பாக வறுத்துத் தனிப் பொட்டலமாக வையுங்கள், சாப்பிடும்போது தூவிக்கொள்ளலாம். வெங்காயம், தேங்காய் இரண்டும் கூடவே கூடாது.

சாதத்தைக் கிளம்பும் அன்று மாலை வடியுங்கள். குழையக் கூடாது, உதிரி உதிரியாக இருக்க வேண்டும். உடனே அகலமான தாம்பாளத்தில் இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். அரை மணி நேரத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடு தெரியாது. ஆறியதும் தள்ளிப்போடாமல் காய்ச்சலைப் போட்டு, கையை விடாமல் காய்ந்த கரண்டியால் கிளறுங்கள். வெள்ளையாக ஒரு கட்டிகூட மிஞ்சக் கூடாது. வெள்ளையாக இருக்கிற இடம் வெறும் சாதம், அங்கே புளிப்பின் காவல் கிடையாது. வாயில் போட்டால் நாக்கு சுள்ளென்று இழுக்க வேண்டும்.

அப்புறம் கட்டுவது. வாழை இலையைத் தணலில் வாட்டி, ஈரமில்லாமல் துடைத்து, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று கட்டுங்கள். ஒரே பெரிய டப்பாவைத் திறந்து திறந்து மூடினால் ஒவ்வொரு முறையும் கை ஈரமும் எச்சில் கரண்டியும் உள்ளே போகும். சின்னப் பொட்டலத்தில் இன்னொரு வசதி, உள்ளே மிச்சமிருக்கிற இளஞ்சூடும் சீக்கிரம் வெளியேறிவிடும். பையில் ஜன்னல் வெயில் படாத இடத்தில், சீட்டுக்கு அடியில் வையுங்கள்.

இத்தனை செய்தாலும் நான் இதற்கு வைக்கிற எல்லை மறுநாள் மதியம் வரைதான். ஏறிய இரவு ஒரு பொட்டலம், காலையில் ஒன்று, மதியம் ஒன்று. நம் வீட்டில் புளிப்பை அளக்கக் கருவி இல்லை, அதனால் அதற்கு மேல் நான் துணிய மாட்டேன். அதற்கு முன்னாலேயே சாதம் வழவழத்தாலோ, பிய்த்தால் நூல் விட்டாலோ, ருசி பார்க்காமல் அப்படியே போட்டுவிடுங்கள். குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் காலைப் பொட்டலத்தோடு நிறுத்திக்கொள்வேன். தயிர் சாதம் கொண்டு போகிறவர்கள் அதை முதல் இரவிலேயே முடித்துவிடுங்கள்.

சரி, அந்த இரண்டாம் இரவுக்கு என்ன செய்வது? ஈரமே இல்லாததைக் கொண்டுபோய், சாப்பிடும்போது மட்டும் ஈரமாக்குவதுதான் வழி. கெட்டி அவல் கால் கிலோவை வெறும் வாணலியில் லேசாக வறுத்து, ஆறவைத்து டப்பாவில் போடுங்கள். இதற்கென்று கூடுதலாகச் செய்து எடுத்துவைத்த புளிக்காய்ச்சலை, கழுவி வெயிலில் காயவைத்த சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள், மேலே எண்ணெய் நிற்கட்டும். காய்ந்த அவலில் எதுவும் முளைக்க முடியாது, ஏனென்றால் அங்கே தண்ணீர் இல்லை.

அடுத்த முறை என் மகனுக்கு இப்படித்தான் கொடுத்தனுப்பினேன். இரண்டாம் நாள் இரவு ரயிலில் உட்கார்ந்தபடியே இரண்டு கைப்பிடி அவலைத் தட்டில் போட்டு, சீல் பிரிக்காத பாட்டில் தண்ணீரை உடைத்து அது நனையும் அளவுக்குத் தெளித்திருக்கிறான். பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டு, இரண்டு ஸ்பூன் காய்ச்சலைப் போட்டுப் பிசைந்து, வறுத்த கடலையைத் தூவிச் சாப்பிட்டிருக்கிறான். எதிர் சீட்டில் இருந்த பெரியவர் இது என்னவென்று கேட்டாராம், அவருக்கும் ஒரு பிடி கொடுத்தானாம்.

நன்றி, வணக்கம்.