'பாட்டில்' என்று மட்டும் எழுதினால் போதாது

வணக்கம். முதல் தடவை வெளிநாட்டிலிருந்து சரக்கு எடுப்பவர்கள் இன்வாய்ஸ் வந்ததும் மொத்தத் தொகையைத்தான் பார்ப்பார்கள். எனக்குக் கண் முதலில் போவது சரக்கு விவரம் எழுதியிருக்கும் வரிக்குத்தான், ஏனென்றால் சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் எச்.எஸ். எண் எது, சுங்கத் தீர்வை எவ்வளவு என்பதெல்லாம் அந்த வரியிலிருந்துதான் கிளம்புகிறது.

ஒரு சரக்கை எடுத்துக்கொள்வோம். இன்வாய்ஸில் 'ஸ்டீல் பாட்டில், 500' என்று ஒரே வரி. பெட்டியைத் திறந்தால் 300 பாட்டில் சூடு ஆறாமல் வைத்திருக்கும் ஃபிளாஸ்க், மீதி 200 ஒற்றைச் சுவர் கொண்ட சாதாரணத் தண்ணீர் பாட்டில். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் சுங்கக் கட்டண அட்டவணையில் இரண்டும் வேறு வேறு அத்தியாயம்! இரண்டு சுவருக்கு நடுவே காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கிய ஃபிளாஸ்க் 9617-இல் வரும். சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாட்டில் வீட்டுப் பாத்திரங்களோடு சேர்ந்து 7323.93-க்குப் போகும். ஃபிளாஸ்க்கும் ஸ்டீல்தானே, அதையும் 73-ஆம் அத்தியாயத்திலேயே போட்டால் என்ன என்று கேட்பீர்கள். போட முடியாது. உலோகப் பொருள்களுக்கான பிரிவின் குறிப்பே 96-ஆம் அத்தியாயத்துப் பொருள்களை வெளியே தள்ளிவிடுகிறது. அதனால் தலைப்பை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாமல், பிரிவுக்கும் அத்தியாயத்துக்கும் முன்னால் இருக்கும் குறிப்புகளையும் படித்துவிடுங்கள், பலர் சறுக்குவது இங்கேதான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரட்டைச் சுவர் என்றாலே வெற்றிடம் என்று அர்த்தமில்லை, நடுவே வெறும் காற்று மட்டும் இருக்கிற பாட்டிலும் சந்தையில் விற்கிறது, அது 9617 ஆகாது. கையில் எடுத்துப் பார்த்து உறுதியாகச் சொல்வது கஷ்டம், தயாரிப்பாளரின் விவரத்தாளைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

சரி, இன்வாய்ஸ் எப்படி இருக்க வேண்டும்? 'வெற்றிடக் காப்புள்ள இரட்டைச் சுவர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃபிளாஸ்க், 500 மில்லி, மூடியுடன், 300' என்று ஒரு வரி. 'ஒற்றைச் சுவர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தண்ணீர் பாட்டில், 750 மில்லி, 200' என்று அடுத்த வரி. ஒவ்வொன்றுக்கும் தனி விலை, தனி மொத்தம். கூடவே இலவசமாகப் பத்து ஃபிளாஸ்க் போட்டு அனுப்புகிறார் என்றால் அதையும் எழுதச் சொல்லுங்கள், விலையைப் பூஜ்யம் என்று போடாமல் உள்ள மதிப்பைப் போட்டு, பணம் வாங்கவில்லை என்று பக்கத்தில் குறிக்கட்டும்.

அப்புறம், விற்பவர் தரும் எண்ணை அப்படியே நகலெடுக்க வேண்டாம். முதல் ஆறு இலக்கம்தான் நாடுகளுக்குப் பொது, அதற்குப் பின்னால் வருவது அவர் நாட்டுக் கணக்கு. மீதி இலக்கங்களை உங்கள் நாட்டுக் கட்டண அட்டவணையில் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். திருத்தம் ஏதாவது இருந்தால் சரக்கு கிளம்புவதற்கு முன்பே புது இன்வாய்ஸ் வாங்கிவிடுங்கள். அப்படியும் சந்தேகம் தீரவில்லையா, பல நாடுகளின் சுங்கத்துறையில் இறக்குமதிக்கு முன்னரே எழுதிக் கேட்டு வகைப்பாட்டு முடிவு வாங்கலாம், விவரத்தாளோடு ஒரு மாதிரி ஃபிளாஸ்க்கும் கையில் தயாராக இருக்கட்டும்.