இரு மடங்கைத் தாண்டும் ஜோடிகள்: முதலில் எண்ணுங்கள், பிறகு இணையுங்கள்

வணக்கம் நண்பர்களே. பலகையில் எட்டு எண்கள் எழுதி வைத்திருக்கிறேன்: 5, 9, 4, 2, 8, 1, 3, 6. இதில் முன்னால் நிற்கும் ஓர் எண், பின்னால் வரும் ஓர் எண்ணின் இரு மடங்கைவிடப் பெரியதாக இருந்தால் அந்த இரண்டும் ஒரு ஜோடி. 9-க்குப் பின்னால் 4 வருகிறது. 4-இன் இரு மடங்கு 8. 9 அதைவிடப் பெரியது, ஆகவே ஜோடி. 4-க்குப் பின்னால் வரும் 2 அப்படியில்லை. இரு மடங்கு சரியாக 4, சமமாக இருந்தால் கணக்கில் வராது. இப்படி மொத்தம் எத்தனை ஜோடிகள் என்பதுதான் கேள்வி. லீட்கோடு தளத்தில் இது 493-ஆம் கணக்கு.

இரண்டு லூப் போட்டு எல்லா ஜோடிகளையும் பார்த்துவிடலாமே என்று தோன்றும். எட்டு எண்களுக்கு 28 ஒப்பீடுகள்தான். ஆனால் அந்தக் கணக்கில் 50,000 எண்கள் வரை வரலாம். அப்போது 124 கோடியே 99 லட்சத்துக்கும் மேற்பட்ட ஒப்பீடுகள். நேரம் போதாது. அதனால்தான் மெர்ஜ் சார்ட்.

மெர்ஜ் சார்ட் செய்வது உங்களுக்குத் தெரியும்: வரிசையைப் பாதியாகப் பிரிக்கும், ஒவ்வொரு பாதியையும் அடுக்கும், அடுக்கிய இரண்டையும் ஒன்றாக இணைக்கும். நமக்கு வேண்டியது அந்த இணைப்புக்குச் சற்று முந்தைய கணம். இடது பாதியில் இருக்கும் எந்த எண்ணும், வலது பாதியில் இருக்கும் எந்த எண்ணுக்கும் மூல வரிசையில் முன்னால்தான் இருந்தது. பாதிகளுக்குள் எண்களை எப்படி இடம் மாற்றினாலும் இந்த உண்மை மாறாது. ஆகவே, இடதில் ஒன்றும் வலதில் ஒன்றுமாக அமையும் ஜோடிகளை எண்ணும்போது எது முன், எது பின் என்ற கவலையே இல்லை. மதிப்பை மட்டும் பார்த்தால் போதும். ஒரே பாதிக்குள் அமையும் ஜோடிகளோ, அந்தப் பாதியை அடுக்கும்போதே எண்ணப்பட்டிருக்கும்.

இப்போது பலகைக்கு வருவோம். இடது பாதி 5, 9, 4, 2. அதற்குள் 5, 9 ஒரு துண்டு. 4, 2 இன்னொரு துண்டு. இந்தத் துண்டுகளுக்குள் ஜோடி எதுவும் இல்லை. அடுக்கிய பின் 5, 9 ஒரு பக்கம். 2, 4 மறுபக்கம். 5 என்பது 2-ஐ மட்டும் தாண்டுகிறது. 9 இரண்டையும் தாண்டுகிறது. ஆக 3. வலது பாதி 8, 1, 3, 6. அதில் 8-உம் 1-உம் ஒரு ஜோடி, பிறகு 8-உம் 3-உம் ஒரு ஜோடி, ஆக 2. இனி மேல்தளம்: இடதில் 2, 4, 5, 9; வலதில் 1, 3, 6, 8.

வலதின் தொடக்கத்தில் ஒரு சுட்டியை வையுங்கள். இடதின் 2-ஐ எடுங்கள்: 1-இன் இரு மடங்கு 2, தாண்டவில்லை. சுட்டி நகரவில்லை, கணக்கு 0. அடுத்து 4: அது 2-ஐத் தாண்டுகிறது, சுட்டி 3-க்கு நகர்கிறது; 6-ஐத் தாண்டவில்லை, நிற்கிறது. சுட்டி கடந்து வந்தது ஓர் எண், கணக்கு 1. அடுத்து 5: சுட்டி அதே இடத்தில்தான், கணக்கு மறுபடி 1. அடுத்து 9: 6-ஐத் தாண்டுகிறது, 12-ஐத் தாண்டவில்லை, கணக்கு 2. கூட்டினால் 4. மூன்றும் இரண்டும் நான்கும் சேர்ந்து 9. இரண்டு லூப் போட்டுப் பார்த்தாலும் இதே 9 வரும்.

கவனித்தீர்களா, சுட்டி ஒருமுறைகூடப் பின்னால் வரவில்லை. இடதில் எண்கள் ஏறிக்கொண்டே போவதால், சிறியது தாண்டியதைப் பெரியது கட்டாயம் தாண்டும். ஒரு தளத்தில் சுட்டிகள் நகரும் மொத்தத் தூரம் வரிசையின் நீளத்துக்குள் அடங்கிவிடும். 50,000 எண்களுக்குத் தளங்கள் 16 அளவில்தான் இருக்கும்.

நிரல் இவ்வளவுதான்:

```python
def count(a, lo, hi):
    if hi - lo < 2:
        return 0
    mid = (lo + hi) // 2
    total = count(a, lo, mid) + count(a, mid, hi)
    j = mid
    for i in range(lo, mid):
        while j < hi and a[i] > 2 * a[j]:
            j += 1
        total += j - mid
    a[lo:hi] = sorted(a[lo:hi])
    return total
```

இணைப்பதற்கு `sorted` போட்டது ஏமாற்று வேலை என்று யாராவது சொல்வீர்கள். பைத்தானின் `sorted`, 2002-இல் டிம் பீட்டர்ஸ் எழுதிய டிம்சார்ட் வழியில் வந்தது. ஏற்கெனவே அடுக்கப்பட்ட தொடர்களை அது கண்டுபிடித்து இணைக்கும். இங்கே கையில் இருப்பது அப்படிப்பட்ட இரண்டு தொடர்கள்தானே. நேர்முகத் தேர்வில் கேட்டால் மட்டும் இணைப்பைக் கையால் எழுதிக் காட்டுங்கள்.

இனி பலரும் இடறும் இடம். முன்னால் இருப்பது பின்னால் இருப்பதைவிடப் பெரியது என்ற சாதாரண இன்வெர்ஷன் கணக்கை, இணைக்கும் லூப்புக்குள்ளேயே எண்ணிவிடலாம். அந்தப் பழக்கத்தில் இதையும் அங்கேயே செருகப் பார்ப்பார்கள். இடதில் 5, 9. வலதில் 4 மட்டும். இணைக்கும்போது 5-ஐவிட 4 சிறியது, எனவே 4 வெளியே போகிறது. போகிற நேரத்தில் 5 அதன் இரு மடங்கைத் தாண்டுகிறதா என்று கேட்டால், இல்லை. 4 போய்விட்டது, அதைத் தாண்டக்கூடிய 9-ஐ யாரும் கேட்கவே இல்லை. விடை 1, கிடைத்தது 0. சரி, இணைக்கும் நிபந்தனையிலேயே இரு மடங்கைப் போட்டுவிடலாம் என்றால் நிலைமை இன்னும் மோசம்: 5, 4, 9 என்று வெளிவரும். அடுக்கே குலைந்துவிட்டால் மேல்தளங்களின் எண்ணிக்கையை நம்ப முடியாது. எண்ணுவதற்கு ஒரு நிபந்தனை, அடுக்குவதற்கு வேறொரு நிபந்தனை. ஆகவே இரண்டு தனித்தனி லூப். இரண்டு முறை நடப்பதால் வேகம் குறையுமோ என்று அஞ்ச வேண்டாம், `n log n` அப்படியே இருக்கும்.

ஜாவா, சி++ எழுதுபவர்களுக்கு ஒன்று. 2147483647 என்ற எண்ணை 32 பிட் முழு எண்ணாக வைத்து இரண்டால் பெருக்கினால் ஜாவாவில் -2 வரும். சி++-இல் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதமே கிடையாது. அந்த எண்ணையே ஆறு முறை எழுதிச் சோதியுங்கள். சரியான விடை 0. 15 என்று வந்தால் பெருக்கல் வழிந்திருக்கிறது. ஜாவாவில் `long` ஆகவும் சி++-இல் `long long` ஆகவும் மாற்றிவிட்டுப் பெருக்குங்கள். பெருக்குவதற்குப் பதில் இடது எண்ணை முழு எண் வகுத்தலால் பாதியாக்கித் தப்பிக்கப் பார்க்காதீர்கள்: 3-இன் பாதி 1 ஆகிவிடும், 3-உம் 1-உம் சேர்ந்த ஜோடி தொலைந்துபோகும்.

எதிர்ம எண்கள் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. -5 முன்னால், -4 பின்னால். -4-இன் இரு மடங்கு -8. -5 அதைவிடப் பெரியது, எனவே ஜோடி. முன்னால் இருப்பது சிறிய எண், ஆனாலும் ஜோடி! இடது எண் வலதைவிடப் பெரிதாக இருந்தால்தான் சோதிப்பேன் என்று குறுக்குவழி வைத்தவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். நம் நிரலில் எதையும் மாற்ற வேண்டாம். இரு மடங்காக்கினாலும் வலது பக்கத்தின் ஏறுவரிசை அப்படியே நிற்பதால் சுட்டி சரியாகவே நகரும். உங்கள் நிரலைச் சோதிக்க -10 முதல் 10 வரை தற்செயல் எண்களால் சிறு வரிசைகள் உருவாக்கி, இரண்டு லூப் விடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கு முன்பே, நான்கு முறை -1 எழுதி ஓட்டுங்கள். 6 வர வேண்டும்.