நெஞ்சுக்கறி ஏன் நாராகிறது?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடிப் பக்கம் விசேஷ வீடுகளுக்குச் சமைத்துக் கொடுக்கிறவள் நான். கோழியில் எந்தத் துண்டை எப்போது சட்டியில் போடுவது என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

இதை எனக்குக் கற்றுக் கொடுத்தது ஒரு காதுகுத்து வீட்டுப் பந்தி. மிளகுக் கோழி வறுவல். நெஞ்சு, தொடை, கால், இறக்கை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, கால் எலும்பு வேகும்வரை கிளறினேன். பந்தியில் ஒரு பெரியவர் இலையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் காட்டி, "ஏத்தா, இது கோழியா, தேங்காய் நாரா?" என்றார். பிய்த்துப் பார்த்தேன். இழை இழையாக வந்தது. பக்கத்து இலையில் இருந்த தொடையோ வெண்ணெயாக இருந்தது. ஒரே சட்டி, ஒரே அடுப்புதான்.

கோழி நாள் முழுக்க நடக்கிறது, பறப்பது எப்போதாவதுதான். அதனால் காலும் தொடையும் உழைத்த தசை. நிறம் சற்றுக் கறுத்து, இடையிடையே கொழுப்பும் வெள்ளைச் சவ்வும் இருக்கும். அந்தச் சவ்வு மெதுவான சூட்டில் கரைந்து பசையாகிக் கறியை வழவழப்பாக்கும். அதற்கு நேரம் வேண்டும். நெஞ்சில் இந்தச் சவ்வு மிகக் குறைவு, கொழுப்பும் குறைவு. வெந்த பிறகும் அடுப்பில் கிடந்தால் இழைகள் சுருங்கித் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். அப்புறம் எவ்வளவு குழம்பு ஊற்றினாலும் உள்ளே ஏறாது.

கொழுப்புக் கணக்கையும் சொல்கிறேன். தோலுரித்து வெந்த நெஞ்சுக்கறி 100 கிராமில் ஏறத்தாழ 3, 4 கிராம் கொழுப்பு, காலில் 5, 6 கிராம், தொடையில் 8 அல்லது அதற்கு மேல். இறக்கையைத் தோலோடு சாப்பிட்டால் 20 கிராம் வரை போகும். அதில் பெரும்பகுதி தோலில் இருப்பது. இறக்கையில் கறி எங்கே இருக்கிறது?

சுத்தம் செய்து 1 கிலோ 200 கிராம் வரும் பிராய்லர் கோழியை நான் இப்போது வறுக்கும் விதம் இது. கடைக்காரரிடம் நெஞ்சை மட்டும் எலும்போடு, இரண்டு விரல் அகலத்துக்கு, மற்றதைவிடப் பெரிதாக வெட்டித் தரச் சொல்வேன். சின்னதாக வெட்டினால் இன்னும் சீக்கிரம் காயும். அதில் உப்புத் தடவி அரை மணி நேரம் தனியே வைத்துவிடுவேன். உப்பு இழைக்குள் போய்த் தண்ணீரைப் பிடித்து வைக்கும். காலில் எலும்பு வரைக்கும் மூன்று கீறல் போடுவேன்.

நல்லெண்ணெயில் சோம்பு, கல்பாசி, சின்ன வெங்காயம், பூண்டு வதங்கியதும் முதலில் தொடையும் காலும். அரை தம்ளர் தண்ணீர், மூடி, சிறு தீ. பத்து நிமிடம் கழித்து இறக்கை. இன்னும் பத்து நிமிடத்தில் தண்ணீர் சுண்டி மசாலா கெட்டியாகும். அப்போதுதான் நெஞ்சு. மூடி எட்டு நிமிடம், பிறகு திறந்து, இடித்த மிளகைத் தூவி இரண்டு நிமிடம், இறக்கிவிடுவேன். தொடைக்கு முப்பது நிமிடம், நெஞ்சுக்குப் பத்தே நிமிடம்.

வெந்ததா என்று பார்க்க, காலின் கணுப்பக்கம் சதை எலும்பைவிட்டு மேலே ஏறியிருக்க வேண்டும். நெஞ்சுத் துண்டு ஒன்றை நடுவில் பிளந்தால் கண்ணாடி போன்ற பச்சைச் சதை எங்கும் தெரியக் கூடாது, ஆனால் ஈரம் மினுமினுக்க வேண்டும். இளங்கோழியில் எலும்போரம் சிவப்பாகத் தெரிவது எலும்பு மஜ்ஜையின் நிறம். அதைப் பார்த்து மேலும் வேகவிட்டுக் கெடுத்தவர்கள் உண்டு. சந்தேகம் இருந்தால் சமையல் தெர்மாமீட்டரைக் கறியின் நடுவில் குத்திப் பாருங்கள், எலும்பில் படக் கூடாது. 74 டிகிரி காட்டினால் போதும். தொடைக்கு 80க்கு மேல் போனால்தான் ருசி.

இந்தக் கணக்கு நாட்டுக்கோழிக்கு ஆகாது. அது வயதான பறவை. தொடைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம், நெஞ்சும் கூடுதலாக வேக வேண்டும்.

எதற்கு எது என்றால், குழம்புக்குத் தொடைதான். மறுநாள் சூடு பண்ணினாலும் காயாது. கால் பிள்ளைகளுக்கு, அதில் சண்டை வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பாடு. நெஞ்சைக் கொத்திக் கோலா உருண்டைக்கு எடுங்கள், பொட்டுக்கடலை மாவும் தேங்காயும் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். இறக்கை நுனிகளை வீசிவிடாதீர்கள். நான்கைந்து சேர்ந்தால் ஒரு சின்ன வெங்காயத்தோடு கொதிக்க வைத்து, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, சாறு எடுப்பேன். ஆறினால் மேலே கூழ் மாதிரி உறையும். அதைப் பார்த்துக் கெட்டுப்போச்சு என்று கொட்டிவிடாதீர்கள், சூடாக்கினால் மறுபடி சாறாகிவிடும்.